திரும்பி வந்த பில்: 554 என்ற எண்ணுக்கு ஒரு சிறு கடையின் வரவு செலவு

அனுப்பிய பில் போய்ச் சேரவில்லை. அரை நிமிடத்தில் ‘மெயிலர் டீமன்’ என்ற பெயரில் ஒரு பதில் வருகிறது. அதன் நடுவில் இப்படி ஒரு வரி:

```
554 Your access to this mail system has been rejected
due to the sending MTA's poor reputation.
```

சிஸ்கோ நிறுவனத்தின் அஞ்சல் வடிகட்டியை வைத்திருக்கும் பெரிய அலுவலகங்களிலிருந்து இந்த வாசகம் வரும். “உங்கள் மெயிலை அனுப்பும் சர்வருக்கு நல்ல பெயர் இல்லை, அதனால் கதவைத் திறக்கமாட்டோம்” என்பது பொருள். இதையே ஜிமெயில் வேறு சொற்களில் சொல்லும். 550 5.7.1 என்ற எண்ணைப் போட்டு, அனுப்பும் ஐபிக்கோ டொமைனுக்கோ மதிப்பு மிகக் குறைவு என்று எழுதும்.

இது பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கடைகளுக்கு ஏன் கவலை தரவேண்டிய வரி என்றால், இங்கே சிறு வியாபாரத்தின் பெரும்பகுதி பெரிய கதவுகளைத் தட்டித்தான் நடக்கிறது. கோவிந்தபுரத்தில் ராம்கோ, ரெட்டிப்பாளையத்தில் அல்ட்ராடெக், தாமரைக்குளத்தில் டால்மியா, அரியலூர் நகரத்தை ஒட்டி அரசின் டான்செம் என்று சுண்ணாம்புக்கல்லைச் சுற்றி ஆலைகள் நிற்கின்றன. பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. நாரணமங்கலத்தில் எம்ஆர்எஃப் இருக்கிறது. இவற்றுக்கு பேரிங், ரோலர், கன்வேயர் பெல்ட், போல்ட் நட் கொடுப்பவர்கள் நான்கைந்து பேர் வேலை செய்யும் கடைக்காரர்கள். வாங்குபவரின் மெயில் அமைப்பை நடத்துபவர்கள் பெரும்பாலும் சென்னையிலோ வேறு பெருநகரத்திலோ இருக்கிறார்கள். ஆலை கேட்டில் நின்று “சார், என் மெயில் வரலையா?” என்று கேட்டால், பர்ச்சேஸ் அலுவலருக்கும் காரணம் தெரியாது. மெயில் அவர் பெட்டிவரை வரவே இல்லை, ஸ்பாம் பெட்டிக்குக்கூட வரவில்லை.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கடையை அமைத்துக்கொள்கிறேன். கடையும் அதன் ரூபாய்த் தொகைகளும் மாதிரிக்கு. அஞ்சல் விதிகளும் வரம்புகளும் உண்மையானவை. அரியலூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. நான்கு மெயில் பெட்டிகள். வெப்சைட்டுக்கு வாங்கிய ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வந்த மெயில்தான். ஒரு நாளில் வெளியே போவது 12 கொட்டேஷன், 15 பில், 8 பாக்கி நினைவூட்டல், மற்றவை 10, ஆக 45. மாதத்துக்கு 26 வேலைநாள் என்றால் 1,170 மெயில். இந்த 1,170 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

முதலில் அந்த 554. ஐந்தில் தொடங்கும் எண் என்றால் முடிவான மறுப்பு. நான்கில் தொடங்கினால் ‘இப்போது வேண்டாம், பிறகு வா’. நான்கு என்றால் அனுப்பும் சர்வர் தானே மறுபடி மறுபடி முயலும். நாம் செய்யவேண்டியது எதுவும் இல்லை. ஐந்து என்றால் மெயில் செத்தது. அதே பில்லை ஐந்தாறு முறை ‘ரீசெண்ட்’ அடித்தால் ஐந்தாறு மறுப்புகள் கூடுமே தவிர ஒன்றும் நடக்காது.

அடுத்து, வாசகத்தில் யாரைக் குற்றம் சொல்லியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். நம் உதாரணத்தில் sending MTA, அதாவது அனுப்பிய சர்வர். டொமைனைச் சொல்லவில்லை, பில்லில் எழுதியதைச் சொல்லவில்லை. சிஸ்கோ நெடுங்காலமாக ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் −10 முதல் +10 வரை மதிப்பெண் போட்டுவந்தது. அந்த வடிகட்டியின் ஆரம்ப அமைப்பில் −3க்குக் கீழே போன ஐபியின் இணைப்பே மறுக்கப்படும். −3க்கும் −1க்கும் இடையில் இருந்தால் வேகம் குறைக்கப்படும். இந்த மறுப்பு நடக்கும்போது உங்கள் மெயிலை அந்தப் பக்கம் யாரும், எந்த மென்பொருளும் படித்திருக்காது. எனவே பில்லின் வாசகத்தை மாற்றுவது, பிடிஎஃப்பை எடுத்துவிட்டு அனுப்புவது, சப்ஜெக்டைத் திருத்துவது எல்லாம் வீண் வேலை. டொமைனைக் குறிப்பிட்டு ஜிமெயில் மறுத்திருந்தால் கதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

எந்த ஐபி என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கூகுளில் ‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடினால் வருவது கடையின் பிராட்பேண்ட் முகவரி. அதைக் கறுப்புப் பட்டியலில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு சிவப்புக் குறி தெரியும். அது இயல்பானது. வீட்டு, கடை இணைப்புகளிலிருந்து நேரடியாக மெயில் சர்வர் நடத்தக்கூடாது என்பதற்காக ஸ்பாம்ஹவுஸ் நிறுவனம் அவற்றைத் தனியாக ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. நம் மெயில் கடையிலிருந்து ஹோஸ்டிங் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் வெளியே கிளம்புகிறது. அந்த சர்வரின் ஐபிதான் வேண்டும். திரும்பி வந்த கடிதத்தின் மறுப்பு வரிகளில் சில சமயம் அது இருக்கும். இல்லாவிட்டால் உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து Received வரிகளில் பார்க்கலாம்.

ஐபி 203.0.113.25 என்று வைத்துக்கொண்டால், எண்களைப் பின்னிருந்து முன்னாக எழுதி விண்டோஸ் கமாண்ட் திரையில் இப்படிக் கேட்கவேண்டும்:

```
nslookup 25.113.0.203.zen.spamhaus.org
```

‘அப்படி ஒன்று இல்லை’ என்று பதில் வந்தால் அந்தப் பட்டியலில் நீங்கள் இல்லை. 127.0.0.2 அல்லது 127.0.0.3 வந்தால் ஸ்பாம் அனுப்பியதாகப் பதிவு. 127.0.0.4 வந்தால் வைரஸ் புகுந்த கணினியோ திருடப்பட்ட கணக்கோ அந்த ஐபியின் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். 127.0.0.10, 127.0.0.11 இரண்டும் மேலே சொன்ன பிராட்பேண்ட் பட்டியல். இங்கே ஒரு பொறி இருக்கிறது: 127.255.255.254 என்று வந்தால் அது தீர்ப்பே அல்ல. உங்கள் கணினி 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்கிறது, அதற்குப் பதில் சொல்லமாட்டோம் என்பதுதான் அதன் பொருள். இதைப் பார்த்துப் பதறி ஹோஸ்டிங் மாற்றியவர்கள் உண்டு. check.spamhaus.org பக்கத்தில் நேரே கேட்டால் இந்தக் குழப்பம் வராது.

சிஸ்கோவின் மறுப்பு என்பதால், அவர்களுடைய டேலோஸ் தளத்திலும் (talosintelligence.com) அதே ஐபியைப் போட்டுப் பார்க்கவேண்டும். அங்கே மதிப்பு எப்படி என்று ஒரு சொல்லில் வரும். அதைவிடப் பயனுள்ளவை அதன் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்கள்: நேற்று அந்த ஐபியிலிருந்து போன மெயிலின் அளவு, கடந்த மாதத்தின் அளவு. இவை சாதாரண எண்ணிக்கை அல்ல, மடக்கை அளவு. ஒரு புள்ளி கூடினால் பத்து மடங்கு. மாதத்துக்கு 2.1 என்றும் நேற்றைக்கு 3.4 என்றும் காட்டினால் வித்தியாசம் 1.3 புள்ளிதான், ஆனால் மெயில் ஏறக்குறைய 20 மடங்காகப் பெருகியிருக்கிறது. சின்ன எண் என்று கடந்துபோய்விடக்கூடாது. நேற்று அந்த சர்வரில் ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வெளியே கிடைக்காது.

நடந்தது நம் வீட்டிலா, பக்கத்து வீட்டிலா என்பதுதான் இனி கேள்வி. செலவு, நேரம், செய்யவேண்டிய வேலை மூன்றையும் இந்த ஒரு கேள்வி தீர்மானிக்கிறது. ஹோஸ்டிங் பேனலில் ‘ட்ராக் டெலிவரி’ என்று ஒரு பகுதி இருக்கும். சிபேனல் வைத்திருப்பவர்கள் அதைத் திறந்து நேற்று நம் கணக்கிலிருந்து எத்தனை மெயில் போனது என்று எண்ணவேண்டும். 45, 50, 60 என்று இருந்தால் நாம் குற்றமற்றவர்கள். அதே சர்வரில் இடம் வாங்கியிருக்கும் வேறு யாரோ ஸ்பாம் அடித்திருக்கிறார்கள். மலிவான ஹோஸ்டிங்கில் ஒரே ஐபியைப் பலப்பல டொமைன்கள் பங்கிட்டுக்கொள்கின்றன.

3,000 என்று இருந்தால் நம் பெட்டி ஒன்றின் பாஸ்வேர்டு வெளியே போயிருக்கிறது. மணிக்கு 300 மெயில்தான் அனுப்பலாம் என்று ஹோஸ்டிங்காரர் கட்டுப்பாடு வைத்திருந்தாலும், இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டியதிலிருந்து காலை எட்டு மணிவரை பத்து மணி நேரம் இருக்கிறது, 3,000 ஆகிவிடும். நம் இரண்டரை மாத மெயில் ஒரே இரவில் போனதற்குச் சமம். பெட்டிகளின் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் எண் பெரிதாக இருந்தால் வெப்சைட்டைப் பார்க்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் அப்டேட் செய்யாத வேர்ட்பிரஸ் தளத்தில் யாராவது ஒரு ஸ்கிரிப்டை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

நம் பெட்டிதான் என்றால் செய்யவேண்டியவற்றில் வரிசை முக்கியம். நான்கு பெட்டிகளின் பாஸ்வேர்டையும் மாற்றவேண்டும், சந்தேகப்பட்ட ஒன்றை மட்டும் அல்ல. பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் ஃபார்வர்டர், ஃபில்டர் பகுதிகளைத் திறந்து பார்க்கவேண்டும். திருடன் போகும்போது ‘இன்வாய்ஸ் என்ற சொல் வரும் மெயிலை எல்லாம் எனக்கு நகல் அனுப்பு’ என்று ஒரு விதியை விட்டுவிட்டுப் போவது வழக்கம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி உயிரோடு இருக்கும். அதன்பின் ஹோஸ்டிங்காரரிடம் சொல்லி, சர்வரில் இன்னும் போகாமல் வரிசையில் நிற்கும் ஸ்பாமை அழிக்கச் சொல்லவேண்டும். இதைச் செய்யாமல் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க விண்ணப்பித்தால், எடுத்த மறுநாளே மிச்சமிருக்கும் ஸ்பாம் கிளம்பி மறுபடி பெயர் ஏறும். இரண்டாம் முறை ஏறினால் எடுப்பது கடினம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்லவேண்டும். பெட்டியைத் திறந்தவன் ஸ்பாம் மட்டும் அனுப்பியிருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். அவன் பில்களையும் படித்திருக்கலாம். எந்த ஆலை எவ்வளவு பாக்கி, என்றைக்குக் கெடு, கடிதத்தின் நடை எப்படி என்பதெல்லாம் அவனிடம் இருக்கிறது. பத்து நாள் கழித்து நம் பெயரில், ஒரே ஒரு எழுத்து மாறிய முகவரியிலிருந்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று அந்த ஆலைக்கு ஒரு மெயில் போகலாம். 554 வந்த நாளிலேயே பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொருவரின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் போன் போட்டு, “வங்கிக் கணக்கு மாற்றம் என்று மெயில் வந்தால் என்னிடம் பேசாமல் பணம் போடவேண்டாம்” என்று சொல்லிவிடவேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். மெயில் சேராமல் போனதால் வரும் நஷ்டம் ஆயிரங்களில் இருக்கும். இந்த மோசடியின் நஷ்டம் லட்சங்களில்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் காரணம் என்றால் நம்மால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க முடியாது. ஐபி நம்முடையது அல்ல. ஹோஸ்டிங்காரருக்கு டிக்கெட் போடவேண்டும். அதில் “மெயில் போகலை” என்று எழுதினால் “எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது” என்று பதில் வரும். திரும்பி வந்த கடிதத்தை முழுதாக ஒட்டி, ஐபி, நாள், மணி, பட்டியல் சொன்ன 127.0.0.x எண் நான்கையும் எழுதினால் அடுத்த மேசைக்கு நகரும். அவர்கள் ஸ்பாம் அடித்தவரை நிறுத்தவேண்டும், அல்லது நம் மெயிலை வேறு ஐபி வழியாக விடவேண்டும்.

ஆலையின் ஐடி பிரிவிடம் ‘எங்களை மட்டும் அனுமதியுங்கள்’ என்று கேட்கலாமா? கேட்கலாம்; ஆனால் தயங்குவார்கள். அதற்குக் காரணமும் நியாயமானது. மறுப்பு நடப்பது இணைப்பின் வாசலில், அனுப்புபவர் பெயர் தெரிவதற்கு முன். எனவே அனுமதிப்பதென்றால் ஐபியைத்தான் அனுமதிக்கவேண்டும். பங்கிட்ட ஐபியை அனுமதித்தால் நம்மோடு சேர்ந்து அதே சர்வரில் இருக்கும் ஸ்பாம்காரருக்கும் கதவு திறக்கும்.

பட்டியல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக் கணக்கு உண்டு. ஸ்பாம்காப், புகார் நின்ற 24 மணி நேரத்தில் தானாக விடுவிக்கும். யூசிஇபுரொடெக்ட் முதல் நிலைப் பட்டியல், ஏழு நாள் ஸ்பாம் வராமல் இருந்தால் தானாக நீக்கும். அவசரமாக எடுக்கவேண்டுமானால் பணம் கேட்கும். அந்தப் பணத்தைக் கொடுக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏழு நாள் காத்திருந்தால் இலவசமாக நடப்பதற்கு, ஸ்பாம் நிற்காவிட்டால் மறுபடி ஏறிவிடும் ஒன்றுக்கு, பணம் கட்டுவதில் பொருள் இல்லை. ஸ்பாம்ஹவுஸ் பெயர் நீக்கப் பணம் வாங்குவதே இல்லை. ‘எல்லாப் பட்டியலிலிருந்தும் எடுத்துத் தருகிறோம்’ என்று யாராவது கட்டணம் சொன்னால் விலகிவிடுங்கள்.

இப்போது ரூபாய். நம் மாதிரிக் கடையின் மெயில் நான்கு வேலைநாள் தடைப்பட்டது என்று வைப்போம். நாளுக்கு 12 கொட்டேஷனில் மூன்று திரும்பி வந்தால் நான்கு நாளில் 12. ஆறு கொட்டேஷனுக்கு ஒரு ஆர்டர் கிடைக்கும் கடை என்றால் இரண்டு ஆர்டர் போனது. ஒரு ஆர்டர் 40,000 ரூபாய், லாபம் 12 விழுக்காடு என்றால் ஒன்றுக்கு 4,800. பில் தாமதமானதால் 6 லட்சம் ரூபாய் பாக்கி பத்து நாள் தள்ளிப்போகிறது. ஓவர்டிராஃப்டுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்றால் பத்து நாளைக்கு 1,973 ரூபாய். போன் பண்ணி, வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பி, நேரில் பில் கொடுத்து அலைய ஓர் ஆளின் மூன்று நாள், நாளுக்கு 500 ரூபாய்.

| வகை | ரூபாய் |
|---|---|
| கைநழுவிய இரண்டு ஆர்டரின் லாபம் | 9,600 |
| 6 லட்சம் பாக்கிக்குப் பத்து நாள் வட்டி | 1,973 |
| ஆள் கூலி, மூன்று நாள் | 1,500 |
| நான்கு நாள் தடையின் செலவு | 13,073 |
| தனி மெயில் சேவை: 4 பெட்டி × மாதம் 100 × 12 | 4,800 |
| அதற்கு 18% ஜிஎஸ்டி | 864 |
| ஓராண்டு மெயில் சேவையின் செலவு | 5,664 |

மாதம் 100 ரூபாய் என்பது நான் எடுத்துக்கொண்ட எண். சேவைக்குச் சேவை, திட்டத்துக்குத் திட்டம் இது மாறும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் 864ஐப் பெரும்பாலும் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பெட்டிக்கு 200 ரூபாய் ஆனாலும், ஓராண்டுச் செலவு நான்கு நாள் தடையின் செலவைத் தாண்டவில்லை.

இந்த இடத்தில் ஹோஸ்டிங்காரர் வேறொன்றை விற்க முயல்வார்: ‘டெடிகேட்டட் ஐபி வாங்கிக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுத் தொல்லை இருக்காது.’ கேட்க நியாயமாக இருக்கும். நாளுக்கு 45 மெயில் அனுப்பும் கடைக்கு இது தவறான மருந்து. புது ஐபிக்குக் கெட்ட பெயர் இல்லை என்பது சரி. நல்ல பெயரும் இல்லையே. நல்ல பெயர் சேர்வதற்கு ஒவ்வொரு பெரிய அஞ்சல் நிறுவனமும் அந்த ஐபியிலிருந்து நாள் தவறாமல் கணிசமான மெயில் வருவதைப் பார்க்கவேண்டும். நம் 45 மெயில் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களுக்குப் பிரிந்தால் ஒருவருக்கு நான்கு, ஐந்து. அதை வைத்து யாரும் மதிப்பெண் போடமாட்டார்கள். மைக்ரோசாஃப்ட் தன் எஸ்என்டிஎஸ் தளத்தில் ஓர் ஐபியைப் பற்றிய விவரம் காட்டவே நாளுக்கு நூறு மெயிலாவது தங்களுக்கு வந்திருக்கவேண்டும் என்கிறது. கூகுளின் போஸ்ட்மாஸ்டர் தளமும் இவ்வளவு சிறிய கடைக்கு வெற்றுத் திரையைத்தான் காட்டும். சிறு கடை தனக்கென்று ஒரு ஐபியின் மதிப்பை வளர்க்க முடியாது. பெரிய மெயில் சேவை ஒன்றின் மதிப்பை வாடகைக்கு எடுப்பதுதான் அதற்குக் கட்டுப்படியாகும்.

பெரிய சேவையிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. தமிழ்நாட்டிலிருந்தே அதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2018 செப்டம்பர் 24 அன்று ஸோஹோ நிறுவனத்தின் zoho.com டொமைனை அதன் பதிவாளரான டியராநெட் முடக்கியது. சொன்ன காரணம் ஃபிஷிங் புகார்கள். ஸோஹோவின் கணக்கின்படி இரண்டு மாதத்தில் வந்த புகார்கள் மூன்றே மூன்று. பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 3 கோடிப் பயனாளர்கள். ஸோஹோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பொதுவெளியில் உதவி கேட்கவேண்டியிருந்தது. அது மெயில் மறுப்பு அல்ல, டொமைனே முடங்கியது. ஆனால் யாரோ சிலர் செய்ததற்கு எல்லோரும் கதவடைப்பை அனுபவித்தது அதே கணக்குதான். வேறுபாடு, பெரிய சேவையில் ஸ்பாம்காரரைப் பிடித்து வெளியேற்றுவதையே முழுநேர வேலையாகச் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது. மலிவு ஹோஸ்டிங்கில் நம் டிக்கெட் வந்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

சேவை மாறும்வரை இடைப்பட்ட நாட்களுக்கு என்ன செய்வது? பலர் கைக்குக் கிடைத்த சொந்த ஜிமெயிலிலிருந்து பில் அனுப்பிவிடுகிறார்கள். ஜிமெயில் நாளுக்கு 500 மெயில்வரை விடும், நம் 45க்குப் போதும். சிக்கல் வேறு. ஆலையின் வெண்டர் பதிவேட்டில் இருப்பது கடையின் டொமைன் முகவரி. புதிதாக ஒரு ஜிமெயிலிலிருந்து, அதே கடையின் பெயரில், பணம் கேட்டு வரும் மெயில் எப்படித் தெரியும்? மேலே சொன்ன மோசடி மெயிலைப் போலவே தெரியும். முதலில் போன், பிறகு ஜிமெயில் என்ற வரிசையில் செய்தால் சரி. வெண்டர் போர்ட்டல் உள்ள ஆலைகளில் பில்லை அங்கேயே ஏற்றுவது இன்னும் நல்லது.

டொமைனின் மதிப்பு கெட்டிருந்தால் என்ன என்று முன்பு தள்ளிவைத்தேன். அங்கே சேவை மாற்றம் உதவாது. டொமைன் நம்மோடு கூடவே வரும். சிறு கடையின் டொமைன் கெடுவதற்கு, பாஸ்வேர்டு திருட்டை விட்டால், பெரும்பாலும் ஒரே காரணம் விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியல். தீபாவளி வாழ்த்தோடு விலைப்பட்டியலையும் சேர்த்து 1,800 முகவரிக்கு அனுப்பினால், அது நம் ஒன்றரை மாத மெயில் ஒரே நாளில் போவது. பட்டியலில் ஐந்தில் ஒன்று செத்த முகவரி என்றால் அன்றைக்கு 360 மெயில் திரும்பி வரும். உயிரோடு இருப்பவர்களில் சிலர் ‘ரிப்போர்ட் ஸ்பாம்’ அழுத்துவார்கள்.

தனிநபர் ஜிமெயில் பெட்டிகளுக்கு அனுப்புபவர்களுக்காகக் கூகுள் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளில் ஒரு அளவுகோல் இருக்கிறது: ஸ்பாம் புகார் 0.1 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கவேண்டும், 0.3ஐத் தொடவே கூடாது. அந்த அளவுகோலை நம் எண்ணில் வைத்துப் பார்க்கலாம். 1,170 மெயிலுக்கு 0.3 விழுக்காடு என்றால் மூன்றரை. மாதத்தில் நான்கு பேர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே எல்லை தாண்டியாகிவிட்டது. 45 மெயில் போன ஒரு நாளில் ஒருவர் அழுத்தினால் அன்றைய விகிதம் 2.2 விழுக்காடு. பெரிய நிறுவனத்துக்குக் கடலில் கரைந்துபோகும் எண்ணிக்கை இது, நமக்கு அப்படியில்லை.

டொமைன் கெட்டால் மீள ஒரே வழி, கேட்டவர்களுக்கு மட்டும் மெயில் அனுப்பி வாரக்கணக்கில் பொறுத்திருப்பது. புது டொமைன் வாங்கிவிடலாம் என்ற யோசனை வேண்டாம். பிறந்து சில நாளே ஆன டொமைனைப் பல வடிகட்டிகள் கூடுதல் சந்தேகத்தோடுதான் பார்க்கும், வெண்டர் பதிவேட்டையும் முழுக்க மாற்றவேண்டியிருக்கும்.

கடைசியாக எஸ்பிஎஃப். ‘எஸ்பிஎஃப் ரெக்கார்டு போட்டால் சரியாகிவிடும்’ என்று வெப்சைட் செய்து தந்தவர் சொல்வார். போடவேண்டியதுதான், எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் இல்லாத மெயிலை ஜிமெயில் வேறொரு எண்ணோடு, 5.7.26 என்று, திருப்பும். ஆனால் இவை ‘இது நான்தான்’ என்று காட்டும் அடையாள அட்டை. அட்டையைக் காட்டினால் மதிப்பு ஏறாது. 554 வந்த ஐபி அட்டையோடு போனாலும் 554தான். சேவை மாறும்போது மட்டும் இந்த வரியில் கவனம் தேவை. உதாரணமாகக் கூகுள் சேவைக்கு மாறினால் இப்படி இருக்கவேண்டும்:

```
v=spf1 include:_spf.google.com ~all
```

பழைய வரியை விட்டுவிட்டு இதை இரண்டாவதாகச் சேர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. மாறும் வாரத்தில் பழைய ஹோஸ்டிங்கிலிருந்தும் மெயில் போகுமானால், இரண்டு பெயரையும் ஒரே வரிக்குள் சேர்க்கவேண்டும். மாறி முடிந்ததும் பழைய ஹோஸ்டிங்கின் பெயரை அந்த வரியிலிருந்து எடுத்துவிடவேண்டும். வெப்சைட்டின் விசாரணைப் படிவம் இன்னும் அங்கிருந்து மெயில் அனுப்புகிறதா என்று பார்த்து, அதையும் புதுச் சேவை வழியாகத் திருப்பியபின் எடுப்பது நல்லது. எடுக்காமல் விட்டால், 554 வாங்கித் தந்த அதே சர்வரில் இருக்கும் யாரோ ஒருவர் நம் டொமைன் பெயரில் மெயில் அனுப்பினாலும், எஸ்பிஎஃப் சோதனையில் அது தேறிவிடும்.